பொன் சிவக்க ஒரு சாண்ட்விச்

பள்ளி விட்டு வந்த மகள் சாண்ட்விச்சை ஒரு கடி கடித்துவிட்டுத் தட்டிலேயே வைத்தாள். “அம்மா, மேல தீஞ்சிருக்கு, உள்ள ஜில்லுனு இருக்கு” என்றாள். வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். அடிப்பக்கம் நடுவில் கரிக்கட்டை நிறம், ஓரமெல்லாம் வெளுத்த ரொட்டி. உள்ளே இருந்த உருளைக்கிழங்கு மசாலா, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தபோது இருந்த குளிர்ச்சியோடு அப்படியே இருந்தது. கல்லில் கிடந்தது என்னவோ இரண்டே நிமிடம்தான்.

ஒரே சாண்ட்விச்சில் கருகலும் குளிரும் சேர்ந்து இருக்க முடிகிறதே, அது எப்படி என்ற கேள்வி என்னை விடவில்லை. அடுத்த சில வாரங்கள் அந்தப் பழைய இரும்பு தோசைக்கல்லை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். கிடைத்த விடை எளிமையானது. சாண்ட்விச்சில் இரண்டு வேலைகள் வேறு வேறு வேகத்தில் நடக்கின்றன. மேல்தோல் சிவப்பது ஒரு வேகம். உள்ளே இருப்பது சூடாவது இன்னொரு வேகம். ரொட்டி என்பது காற்றுக் குமிழிகளால் ஆன பஞ்சு. குளிருக்குப் போர்த்தும் கம்பளி எப்படி வெப்பத்தைக் கடத்தாமல் தடுக்கிறதோ, அப்படித்தான் ரொட்டியும் கல்லின் சூட்டை உள்ளே போகவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. தீயைக் கூட்டினால் தோலின் வேகம் மட்டும்தான் கூடும். உள்வேகம் அவ்வளவாகக் கூடாது. ஆகவே பசியில் அடுப்பைத் தூண்டிவிட்டால் கிடைப்பது, அன்று மகள் தட்டில் வைத்த அந்தச் சாண்ட்விச்தான்.

தோல் சிவப்பது எப்போது தொடங்குகிறது என்று பார்க்கலாம். ரொட்டியின் மேற்பரப்பில் ஈரம் இருக்கிறது. தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கும் வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. கல் எவ்வளவு கொதித்தாலும், ஈரம் போகிற வரை ரொட்டி வெள்ளையாகத்தான் இருக்கும். ஈரம் போன பிறகு சூடு ஏறுகிறது. ஏறக்குறைய 140 டிகிரியைத் தொடும்போது மாவிலுள்ள புரதத்தின் கூறுகளும் சர்க்கரையும் ஒன்றோடொன்று வினைபுரிந்து நிறமும் மணமும் உண்டாக்குகின்றன. 1912-ல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மெய்யார் பெயரால் இது மெய்யார் வினை என்று அழைக்கப்படுகிறது. தோசையின் அடி சிவப்பதும், காப்பிக்கொட்டை வறுபடுவதும், ரொட்டி பொன்னாவதும் பெரும்பாலும் இந்த வினையால்தான்.

இதிலிருந்து சமையலறைக்கு ஒரு நேரடியான செய்தி கிடைக்கிறது. முதல் ஒன்றரை நிமிடம் ரொட்டியில் ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றும். அது ஈரம் போகிற நேரம். அப்போது பொறுமையிழந்து தீயைக் கூட்டுகிறோம். ஈரம் போனதும் நிறம் சட்டென்று ஏறத் தொடங்குகிறது. வெளிர் மஞ்சளிலிருந்து பொன்னிறத்துக்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டால், பொன்னிறத்திலிருந்து கருகலுக்கு அரை நிமிடமே போதும். கூட்டிய தீ அந்தக் கடைசி அரை நிமிடத்தில்தான் வந்து சேர்கிறது, ஏனென்றால் இரும்புக்கல் சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாக விடும். ஆகவே ஓரத்தைத் தூக்கிப் பார்க்கும் வேலையை ஆரம்பத்தில் வைத்துக்கொள்ளாமல், இரண்டாவது நிமிடத்துக்குப் பிறகு அடிக்கடி செய்ய வேண்டும்.

சரி, கல் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும்? வெப்பமானி நம் வீட்டில் இல்லை. ஆனால் தோசை வார்க்கும் எல்லாக் கைகளுக்கும் தண்ணீர் தெளித்துப் பார்க்கத் தெரியும். அதையே இங்கே கொஞ்சம் நுணுக்கமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. விரல் நுனியால் நாலு சொட்டு தெளியுங்கள். சொட்டுகள் அப்படியே கிடந்து மெல்லக் குமிழ்விட்டால் கல் இன்னும் காயவில்லை. ‘சுர்’ரென்று பரவி இரண்டு மூன்று வினாடிகளில் மறைந்தால் அதுதான் சாண்ட்விச்சுக்கான சூடு. சொட்டுகள் உருண்டை முத்தாகி, கல்லைத் தொடாததுபோல் அங்குமிங்கும் ஓடினால், கல் ஏறக்குறைய 200 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள். நீரின் அடியில் ஆவிப்படலம் உண்டாகி அதன்மேல் சொட்டு மிதந்து ஓடுகிறது. இதை 1756-ல் எழுதி வைத்தவர் லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மன் மருத்துவர். தோசைக்கு அந்த ஓட்டத்தைப் பார்த்ததும் தண்ணீர் தெளித்துத் துடைத்து, சூட்டைக் கொஞ்சம் தணித்து மாவை விடுகிறோம். தோசை மாவில் நீர் அதிகம். அது வந்து விழுந்ததுமே கல்லைக் குளிர்வித்துக்கொள்ளும். ரொட்டியில் அந்த அளவு நீர் இல்லை. ஆகவே தோசைக்குச் சரியான சூடு சாண்ட்விச்சுக்குக் கூடுதல். அன்று நான் செய்த தவறும் அதுதான்: காலையில் தோசை வார்க்கிற தீயிலேயே மாலையில் ரொட்டியைப் போட்டேன்.

இரும்புக்கல் என்றால் மிதமான தீயில் நாலைந்து நிமிடம் காயவிட்டு, சொட்டு சரியாக மறைகிறதா என்று பார்த்துவிட்டு, ரொட்டியை வைப்பதற்கு முன்பே தீயை சிம்முக்கும் மிதத்துக்கும் நடுவே இறக்கிவிட வேண்டும். கல்லில் சேர்ந்திருக்கும் சூடுதான் சிவக்க வைக்கும் வேலையைச் செய்யும். அடியில் எரியும் தீ அதைக் குறையாமல் காப்பாற்றினால் போதும். மெல்லிய நான்ஸ்டிக் தவா என்றால் கதை வேறு. அதில் சூடு தங்காது, தீ கூடினால் உடனே ஏறும், குறைந்தால் உடனே இறங்கும். வெறும் நான்ஸ்டிக் தவாவைப் பெரிய தீயில் காயவிடவும் கூடாது, அதன் பூச்சு கெட்டுவிடும். அதற்கு ஆரம்பத்திலிருந்தே சிறிய தீயும் கூடவே ஒரு நிமிடப் பொறுமையும் போதும்.

அடுத்தது வெண்ணெய். பல வீடுகளில் கல்லில் வெண்ணெயை உருக்கிவிட்டு அதன்மேல் ரொட்டியை வைக்கிறோம். உருகிய வெண்ணெய் கல்லின் பள்ளமான நடுப்பகுதிக்கு ஓடிச் சேர்ந்துகொள்ளும். ரொட்டியின் நடு அதை உறிஞ்சிக்கொள்ள, ஓரங்கள் காய்ந்த கல்லில் கிடக்கும். வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர், கொஞ்சம் பாலின் திடப்பொருள், மற்றதெல்லாம் கொழுப்பு. தண்ணீர் நுரையாகக் கிளம்பிப் போன பிறகு அந்தத் திடப்பொருள் தனியே சிவந்து, விரைவிலேயே கறுக்கும். வெண்ணெய் காய்ச்சும்போது அடியில் கசண்டு சிவப்பதும், கவனிக்காவிட்டால் கருகி நெய்யைக் கசக்க வைப்பதும் இதனால்தான். சாண்ட்விச்சின் அடியில் காணும் கறுப்புப் புள்ளிகள் பல நேரங்களில் ரொட்டியின் கருகலே இல்லை. கல்லில் முதலிலேயே கருகிவிட்ட வெண்ணெய்க் கசண்டு ஒட்டிக்கொண்டது.

ஆகவே வெண்ணெயைக் கல்லுக்குக் கொடுக்காமல் ரொட்டிக்குக் கொடுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்தால் இளகிவிடும். ஒரு முகத்துக்கு ஒரு டீஸ்பூன் என்ற கணக்கில், நாலு மூலை வரைக்கும் மெல்லிசாகத் தடவ வேண்டும். மூலைகளைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். கொழுப்பு இங்கே சுவைக்கு மட்டும் இல்லை. ரொட்டியின் சிறு துளைகளுக்கும் கல்லுக்கும் இடையில் உள்ள காற்றை நிரப்பி, சூட்டை எல்லா இடத்துக்கும் ஒரேபோல் கொண்டு சேர்க்கிற பாலம் அது. எனக்குப் பிடித்தது பாதி வெண்ணெய், பாதி நெய் குழைத்துத் தடவுவது. நெய்யில் தண்ணீரும் இல்லை, திடப்பொருளும் இல்லை, ஆகவே கருகல் புள்ளி வராது. ஆனால் நெய்யை மட்டும் தடவினால் மொறுமொறுப்பு வந்தாலும் வெண்ணெய்க்கே உரிய அந்தச் சிவந்த பால்மணம் வருவதில்லை. பாதிக்குப் பாதியில் இரண்டும் கிடைக்கிறது.

இப்போது அழுத்துவது பற்றி. இதைத்தான் நான் நெடுநாள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். தோசைத் திருப்பியை மேலே வைத்து, உள்ளங்கையால் பலம்கொண்ட மட்டும் அழுத்துவேன். ‘சுர்’ரென்று சத்தம் வரும், வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாள் அழுத்தாமலே ஒரு சாண்ட்விச்சை மூன்று நிமிடம் விட்டுத் திருப்பிப் பார்த்தேன். அதன் முகம் ஒரு வரைபடம்போல் இருந்தது. சில இடங்கள் பொன்னிறத் தீவுகள், இடையிடையே வெள்ளைக் கடல். ரொட்டித் துண்டு தட்டையாக இருப்பதுபோல் தெரிந்தாலும் தட்டை இல்லை. மசாலா நடுவில் குவிந்திருந்தால் அடி ரொட்டி நடுவில் புடைத்து, ஓரங்கள் ஒரு மயிரிழை தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த மயிரிழை இடைவெளியில் இருக்கும் காற்று போதும், சூட்டைத் தடுத்துவிட. அழுத்துவதன் வேலை அந்த இடைவெளியை மூடுவது மட்டுமே. அதற்குப் பெரிய பலம் தேவையில்லை. சின்னக் கனம், எல்லா இடத்திலும் ஒரேபோல், விடாமல் இருக்க வேண்டும். கைகள் செய்வது இதற்கு நேர்மாறு: விட்டு விட்டு அழுத்துகின்றன, ஒரு மூலையில் அதிகம், மறு மூலையில் குறைவு.

அதோடு பலமாக அழுத்தினால் கேடும் வரும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் ரொட்டி மென்மையானது. சூடேறும்போது அதன் உட்பகுதி இன்னும் குழையும். அந்த நிலையில் நசுக்கினால் காற்றுக் குமிழிகள் உடைந்து, களிபோல் ஒட்டிக்கொள்ளும். கடிக்கும்போது பல்லில் அப்பும். தக்காளி, வெள்ளரி வைத்திருந்தால் அவற்றின் சாறு பிழிந்து ரொட்டிக்குள் இறங்கும், அங்கிருந்து கல்லுக்கு வரும். அந்தச் ‘சுர்’ சத்தம் பெரும்பாலும் அதுதான். ஈரம் வந்ததும் அந்த இடம் மறுபடியும் 100 டிகிரிக்கே இறங்கிவிடும். அங்கே சிவப்பு வராது, வெந்த ரொட்டிதான் வரும். ஃப்ளோரிடாவில் கியூபாக்காரர்கள் செய்யும் சாண்ட்விச்சைக் கனமான இரும்புத் தகட்டுக்கு நடுவே வைத்து நன்றாக நசுக்குவார்கள். அது அந்த ரொட்டிக்குப் பொருந்தும். அதன் மேல்தோல் மெல்லிய ஓடுபோல் காய்ந்திருக்கும், நசுக்கினாலும் களியாகாது. நம் பால் ரொட்டிக்கு அதே கையாளல் ஆகாது.

நான் பயன்படுத்துவது அடி தட்டையான ஒரு சின்ன எவர்சில்வர் பாத்திரம். அதில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றினால் பாத்திரத்தோடு சேர்த்து முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். சாண்ட்விச்சின் மேல் ஒரு தட்டையான சின்னத் தட்டை வைத்து, அதன்மேல் இந்தப் பாத்திரம். தட்டு எதற்கென்றால், கனம் நடுவில் மட்டும் விழாமல் மூலைவரை பரவத்தான். தட்டின் அடியில் கொஞ்சம் வெண்ணெய் தடவினால் ரொட்டி ஒட்டாது. உருளைக்கிழங்கு, பனீர் போன்ற கெட்டிப் பூரணத்துக்கு இந்தக் கனம் சரி. தக்காளி, வெள்ளரி, வெங்காயம் என்று பச்சையாக வைத்தால் தண்ணீரைக் கால் லிட்டராகக் குறைத்துக்கொள்கிறேன்.

கனத்தை எப்போது வைப்பது, எப்போது எடுப்பது என்பதும் இருக்கிறது. ரொட்டியைக் கல்லில் வைத்ததும் அரை நிமிடம் சும்மா விடுங்கள். அடித்தோல் கொஞ்சம் காய்ந்து இறுகட்டும். பிறகு கனம், ஒரு நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடம் வரை. கடைசி அரை நிமிடம் கனத்தை எடுத்துவிட வேண்டும். மேலே தட்டு மூடியிருக்கும்வரை உள்ளிருந்து கிளம்பும் ஆவி வெளியே போக வழியில்லாமல் ரொட்டியையே நனைக்கும். அந்தக் கடைசித் திறப்பு ஆவிக்கு வழிவிடுகிறது.

ஒரு மாலைச் சமையலை முழுதாகச் சொல்கிறேன். மூன்று சாண்ட்விச்சுக்கு இரண்டு நடுத்தர உருளைக்கிழங்கு, ஏறக்குறைய 250 கிராம். வேகவைத்து, தோலுரித்து, சூடாக இருக்கும்போதே மசித்து, அகலமான தட்டில் பரப்பிவிடுங்கள். ஆவி போய் ஈரம் வற்றும். ஒரு வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், கொஞ்சம் இஞ்சி, சிட்டிகை மஞ்சள்தூள், உப்பு சேர்த்து வதக்கி, வெங்காயத்தின் நீர் முழுக்க வற்றிய பிறகே கிழங்கைச் சேர்க்க வேண்டும். மசால் தோசைக்கு வைக்கிற மசாலா இதற்கு ஆகாது. அதில் தண்ணீர் அதிகம். கையில் உருட்டினால் விரலில் ஒட்டாமல் உருண்டையாக நிற்கிற பக்குவம் வேண்டும்.

முக்கியமானது: மசாலா சூடாக இருக்கும்போதே சாண்ட்விச் செய்வது. ஃப்ரிட்ஜில் வைத்தது என்றால் வாணலியில் ஒரு பிரட்டு பிரட்டிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். உள்வேகம் குறைவு என்று தொடக்கத்தில் சொன்னேனே, அந்தச் சிக்கலுக்கு நேரான தீர்வு இதுதான். உள்ளே இருப்பது முதலிலேயே சூடாக இருந்துவிட்டால், கல்லுக்கு மிச்சமிருப்பது தோலைச் சிவக்க வைக்கும் வேலை மட்டும். மசாலாவை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகாமல், ஓரத்திலிருந்து ஒரு விரற்கடை உள்ளே தள்ளிப் பரப்ப வேண்டும். நடுவில் மேடு வேண்டாம்.

ரொட்டி அன்றைக்கு வாங்கியதைவிட, முந்தின நாள் வாங்கியது நல்லது. ஈரம் குறைவு, நசுங்கலும் குறைவு. உட்பக்கம் மெல்லிசாக வெண்ணெய் தடவிவிட்டு, அதன்மேல் கெட்டியான கொத்தமல்லிச் சட்னி. அந்த உள்வெண்ணெய் சட்னியின் ஈரம் ரொட்டிக்குள் இறங்காமல் தடுக்கும். பம்பாயில் தெருவோரம் சாண்ட்விச் போடுகிறவர்கள் முதலில் வெண்ணெய், பிறகுதான் சட்னி என்ற வரிசையை மாற்றுவதே இல்லை, அதன் பலன் ரொட்டி கையில் தாங்கி நிற்பதில் தெரியும். பிறகு மசாலா, மேல் ரொட்டி, வெளிமுகங்களுக்கு வெண்ணெய்-நெய்க் கலவை.

கல் காய்ந்து, சொட்டு இரண்டு வினாடியில் மறைகிறது. தீயை இறக்கிவிட்டு சாண்ட்விச்சை வைக்கிறேன். காதுக்கு மெல்லிய, விடாத ஒரு சீறல் கேட்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் கல் சூடு போதாது. அப்போது ரொட்டி சிவப்பதற்கு முன் வெண்ணெயைக் குடித்துவிட்டு எண்ணெய்ப் பிசுக்காகும். படபடவென்று வெடித்தால் சூடு அதிகம். உடனே கல்லை அடுப்பிலிருந்து தூக்கி அரை நிமிடம் பிடித்துக்கொள்கிறேன். தீயைக் குறைப்பதைவிட இது விரைவில் பலன் தரும். அரை நிமிடம் கழித்துத் தட்டும் பாத்திரமும் மேலே ஏறுகின்றன. நடுவில் ஒருமுறை சாண்ட்விச்சைக் கால் சுற்று திருப்பி வைக்கிறேன். கேஸ் அடுப்பின் தீ வளையமாக எரிவதால் கல்லிலும் ஒரு வளையம் கூடுதல் சூடாக இருக்கும். கால் சுற்று அந்த ஏற்றத்தாழ்வைப் பகிர்ந்துவிடும். இரண்டாவது நிமிடம் முடிந்ததும் கனத்தை எடுத்துவிட்டு ஓரத்தைத் தூக்கிப் பார்க்கிறேன். வறுத்த முந்திரியின் நிறம் வந்திருந்தால் திருப்பிவிடுவேன். மூக்குக்கும் தெரியும். பிஸ்கட் சுடுகிற இனிய மணம் வந்தால் நேரம் வந்துவிட்டது. அந்த மணத்தில் லேசான கசப்பு நுழைந்தால் தாமதமாகிவிட்டது.

முதல் பக்கம் இரண்டரையிலிருந்து மூன்று நிமிடம் எடுக்கும். இரண்டாவது பக்கத்துக்கு அவ்வளவு வேண்டாம். அதற்குள் கல்லும் நன்றாகச் சூடேறியிருக்கும், மேல் ரொட்டியும் உள்ளிருந்து வந்த ஆவியில் சூடாகியிருக்கும். இரண்டு நிமிடத்திலேயே பார்க்கத் தொடங்கிவிடுங்கள். சீஸ் வைத்திருந்தால் உருகவேண்டுமே என்று மூடிபோட நினைப்போம். போடலாம், ஆனால் முதல் பக்கம் வேகும்போது மட்டும், ஒரு நிமிடத்துக்கு. மூடியில் சேரும் ஆவி மேல் ரொட்டியைத்தான் நனைக்கும். அந்தப் பக்கம் அடுத்துக் கல்லுக்குப் போய்க் காய்ந்துவிடும். திருப்பிய பிறகு மூடினால் சிவந்த முகம் மறுபடி நமத்துப்போகும்.

முதல் சாண்ட்விச் அழகாக வந்து இரண்டாவது கருகுவது அடிக்கடி நடப்பது. இதற்கு இரண்டு காரணம். தீயை மாற்றாமல் விட்டிருந்தால் கல்லின் சூடு மெல்ல ஏறிக்கொண்டே போயிருக்கும். அடுத்தது, முதல் சாண்ட்விச்சிலிருந்து உதிர்ந்த ரொட்டித்தூளும் வெண்ணெய்க் கசண்டும் கல்லிலேயே கிடந்து கருகி, இரண்டாவதின் முகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் நடுவில் நாலு சொட்டு தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துவிடுங்கள். தோசைக்குச் செய்கிற அதே வேலைதான். சொட்டு ஓடுகிறதா, மறைகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

ரொட்டியின் ரகமும் நேரத்தை மாற்றும். இனிப்புப் பால் ரொட்டியில் சர்க்கரை அதிகம் இருப்பதால் சாதா ரொட்டியைவிட விரைவில் சிவக்கும். தீயை இன்னும் ஒரு படி இறக்கிக்கொள்ள வேண்டும். கோதுமை ரொட்டியில் கண் ஏமாந்துவிடும். அது முதலிலேயே பழுப்பாக இருப்பதால் சிவந்ததா இல்லையா என்று நிறத்தில் தெரியாது. அதற்குக் கரண்டியின் ஓரத்தால் மேல்முகத்தை மெல்லச் சுரண்டிப் பாருங்கள். ‘சரசர’வென்று காய்ந்த ஒலி வந்தால் ஆயிற்று. கறுக்கும்வரை விடாததற்கு நாக்கின் கசப்பு மட்டும் காரணம் இல்லை. மாவுச்சத்துள்ள உணவை அதிகச் சூட்டில் வறுக்கும்போது அக்ரிலமைடு என்ற பொருள் உருவாகிறது என்பதை 2002-ல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். நிறம் கருமையாக ஆக அதன் அளவும் கூடும். பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு 2017-ல் மக்களுக்குச் சொன்ன அறிவுரையும் ரொட்டியைப் பொன்னிறத்தோடு நிறுத்துங்கள் என்பதுதான். ஒரு மூலை கருகிவிட்டால் கத்தியால் சுரண்டிவிட்டுச் சாப்பிடலாம், மிச்சம் கெட்டுவிடவில்லை.

கோடுகோடாக வரிப்பள்ளம் உள்ள கிரில் பான் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் ரொட்டியைத் தொடுவது மேட்டுக் கோடுகள் மட்டும். ஆகவே முழுமுகமும் பொன்னாக வேண்டும் என்று அதில் எதிர்பார்க்க முடியாது. கோடுகள் சிவக்கும், நடுவில் உள்ள இடம் காய்ந்து மட்டும் நிற்கும். தொடும் இடம் குறைவு என்பதால் கனம் இங்கே தவிர்க்க முடியாதது. பானை சாதாக் கல்லைவிட இரண்டு நிமிடம் கூடுதலாகக் காயவிட வேண்டும். வெண்ணெயைப் பானில் போட்டால் பள்ளத்தில் ஓடிக் கருகிப் புகைவிடும்; ரொட்டிக்குத் தடவுவது என்ற விதி இதில் இன்னும் கண்டிப்பானது. கட்டம் போட்ட வரி வேண்டுமென்றால் முதல் ஒன்றரை நிமிடத்துக்குப் பிறகு சாண்ட்விச்சைக் கால் சுற்று திருப்பி வையுங்கள். பார்க்க அழகுதான். ஆனால் மொறுமொறுப்புக்காகச் சாண்ட்விச் செய்கிறவர் என்றால், உங்கள் வீட்டுத் தட்டைக் கல்லே மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

கல்லிலிருந்து எடுத்ததும் தட்டில் படுக்க வைத்துவிடாதீர்கள். உள்ளிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருக்கும். தட்டில் மோதி, நீராகி, இவ்வளவு பாடுபட்டுச் சிவக்க வைத்த அடிமுகத்தை ஒரு நிமிடத்தில் நமக்க வைத்துவிடும். கம்பி வலை இருந்தால் அதன்மேல் வையுங்கள். எங்கள் வீட்டில் அது இல்லாததால், சல்லடையைக் கவிழ்த்து அதன்மேல் வைக்கிறேன். இரண்டு சாண்ட்விச் தயாராக இருந்தால் கூடாரம்போல் ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தினாலும் போதும். ஒரு நிமிடம் ஆறட்டும். மசாலாவும் அதற்குள் கொஞ்சம் இறுகும், வெட்டும்போது பிதுங்காது. பல்லுள்ள கத்தியால், அழுத்தாமல் முன்னும் பின்னும் இழுத்து, மூலைக்கு மூலை முக்கோணமாக வெட்டுங்கள்.

போன வாரம் மகள் இதைத் தானே செய்தாள். சொட்டு தெளித்துப் பார்த்தாள், தீயை இறக்கினாள், பாத்திரத்தில் தண்ணீரை அளந்து ஊற்றினாள். கத்தி மேல்தோலில் இறங்கியபோது ‘கறுக்’கென்று கேட்டது. உள்ளே ஆவி பறந்தது. “அம்மா, இந்தா, ஓரத்துத் துண்டு உனக்கு” என்று நீட்டினாள். மூலைவரை ஒரே நிறமாக இருந்தது.